274 ரன் லீடும் ஒரு தப்பான முடிவும்?

கேள்வி: ஏனுங்க ஆசிரியரே, 200 ரன்னுக்கு மேல லீட் இருந்தா எதிரணியை உடனே மறுபடி ஆட விடணும்ங்கறதுதானே ரூல்? இப்ப இருக்கற கேப்டன்கள் ஏன் பயந்துக்கிட்டுத் தாங்களே பேட்டிங் பண்றாங்க?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கட்டாயமே கிடையாதுங்க. ஐந்து நாள் டெஸ்டில் முதலில் ஆடிய அணிக்கு 200 ரன்னாவது லீட் இருந்தால், எதிரணியை உடனே மறுபடி ஆடச் சொல்லும், அதாவது ஃபாலோ ஆன் கொடுக்கும் உரிமை அதன் கேப்டனுக்குக் கிடைக்கிறது, அவ்வளவுதான். முதல் நாள் ஒரு பந்துகூட வீசாமல் மழையில் போய்விட்டால் 150 போதும்.

பயம் என்கிறீர்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2001 கொல்கத்தா டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியா 445, நாம் 171, லீட் 274. அவர்கள் கேப்டன் ஸ்டீவ் வாஹ் ஃபாலோ ஆன் கொடுத்தார். அதை முட்டாள்தனம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள், ஆனால் அந்த மூன்றாம் நாள் காலையில் அவர் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள்: நம்மைச் சுருட்ட அவருடைய பவுலர்களுக்கு 58 ஓவர்தான் ஆனது, அதிலும் எட்டு விக்கெட் முந்தைய நாளே விழுந்து, நடுவில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வந்திருந்தார்கள். ஃபாலோ ஆன் கொடுக்க அதைவிடத் தோதான நேரம் அமையாது.

அப்புறம்தான் லட்சுமணும் டிராவிடும் நின்றார்கள். நான்காம் நாள் முழுக்க ஒரு விக்கெட்கூட விழவில்லை. இருவரும் சேர்ந்து 376 ரன், லட்சுமண் 281, டிராவிட் 180. நாம் 178 ஓவர் ஆடி 657-க்கு 7 என்று டிக்ளேர் செய்தோம். முதல் இன்னிங்ஸின் 58 ஓவரையும் சேர்த்தால், நடுவில் மூச்சு வாங்க நேரமே இல்லாமல் 230-க்கும் மேலான ஓவர். நம்ம பக்கம் பங்குனி வெயிலில் பதினைந்து ஓவர் போட்டவர்களைக் கேளுங்கள், அது என்ன பாடு என்று சொல்வார்கள். வார்னே 34 ஓவரில் 152 ரன் கொடுத்து ஒரே ஒரு விக்கெட் எடுத்தார்.

களைப்பு பாதிதான். மீதிப் பாதியைப் பலரும் கவனிப்பதில்லை: ஃபாலோ ஆன் கொடுத்தால், எதிரணி மீண்டு வந்துவிடும் பட்சத்தில், உடைந்துபோன பிட்சில் கடைசி இன்னிங்ஸ் கொடுத்தவர் தலையில்தான் விழும். ஐந்தாம் நாள் 384 தேவை என்று இறங்கிய ஆஸ்திரேலியா, டீ இடைவேளை தாண்டி 166-க்கு 3 என்று இருந்தது 174-க்கு 8 ஆகி, 212-ல் முடிந்தது. ஹர்பஜனுக்கு ஆறு விக்கெட்.

இன்றைய கேப்டன்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நேரம் இருக்கிறதா, சரி, இரண்டு செஷன் ஆடி லீடை 450-க்கு மேல் கொண்டுபோய், பவுலர்களைக் கால் நீட்ட விட்டு, கடைசி இன்னிங்ஸை எதிரணியிடம் தள்ளிவிடுகிறார்கள். மழை வரும் போலிருந்தாலோ, ஏற்கெனவே ஒன்றரை நாள் மழையில் போயிருந்தாலோ அந்த இரண்டு செஷனை வீணாக்க முடியாது. பவுலர்கள் அறுபது ஓவருக்குள் முடித்திருந்தால் ஃபாலோ ஆன் கொடுத்துவிட வேண்டியதுதான். நூற்றிருபது ஓவர் ஓடிக் களைத்த பிறகென்றால், நான் கேப்டனாக இருந்தாலும் பேட்டைத்தான் எடுப்பேன்.