எந்தப் பணம்?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் நைட்டி தைத்து மொத்தக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். முதல் ஆண்டு அறிக்கையை நானே தமிழில் எழுதி, எனக்கு உதவிய அண்ணனுக்கும் வங்கிக்கும் கொடுத்தேன். ‘55 லட்சத்து 20 ஆயிரம் பணம் வந்தது, 54 லட்சத்து 20 ஆயிரம் பணம் போனது, 1 லட்சம் பணம் மீதி’ என்று எழுதியிருந்தேன். ஒரு ரூபாய் பிழை கிடையாது. மேலாளர் ‘எந்தப் பணம்?’ என்று கேட்டுத் திருப்பிவிட்டார். நிதி, வருவாய், வருமானம், மூலதனம் என்று அடுக்கினால் அண்ணனுக்கு எப்படிப் புரியும்? தமிழில் எழுதியதால்தான் மதிக்கவில்லையா? அட்டையும் படங்களும் வைத்தால் எடுபடுமா? கணக்குப் பக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அட்டை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். தமிழில் எழுதியதற்கும் திருப்பியதற்கும் தொடர்பில்லை. பகலெல்லாம் தறித்துணியோடும் தையல்காரர்களோடும் மல்லாடிவிட்டு, இரவில் உட்கார்ந்து இத்தனை பக்கம் ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது மனம் நிறைந்தது. அதனாலேயே கோபமும் வருகிறது. இவ்வளவு உழைத்து எழுதிய கணக்கை ‘பணம்’ என்ற ஒரே சொல்லைப் போட்டு நீங்களே மூடிவிட்டீர்கள்.

அந்த 55 லட்சத்து 20 ஆயிரத்தைப் பிரித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் கொடுத்தது 44 லட்சத்து 10 ஆயிரம். அண்ணன் கொடுத்தது 5 லட்சம். இயந்திரம் வாங்க வங்கி கொடுத்த கடன் 6 லட்சம். வைப்புத்தொகைக்கு வந்த வட்டி 10 ஆயிரம். ரொக்கப் புத்தகத்தில் இவற்றைக் கூட்டலாம், அங்கே அதுதான் முறை. தொழில் எப்படி நடந்தது என்று சொல்லும் அறிக்கையில் இந்தக் கூட்டுத்தொகைக்குப் பொருளே இல்லை. கடன் வாங்கியதைத் தொழிலின் சாதனையாகக் காட்டலாமா?

உங்கள் வருவாய் 48 லட்சம். நீங்கள் போட்ட பில்களின் கூட்டுத்தொகை 50 லட்சத்து 40 ஆயிரம். அதில் 2 லட்சத்து 40 ஆயிரம் ஜி.எஸ்.டி. அது அரசுக்காக நீங்கள் வாங்கி வைத்தது, உங்களுடையது ஆகாது. மீதி 48 லட்சமும் இந்த ஆண்டு சரக்கு அனுப்பி ஈட்டியது. அதில் ஒரு பகுதி மார்ச் 31 வரை கைக்கு வரவில்லை என்பது வேறு செய்தி. வரியும் சேர்த்து 6 லட்சத்து 30 ஆயிரம் கடைகளில் நிற்கிறது. அதற்கு ‘வர வேண்டியது’ என்று தனித் தலைப்பு வேண்டும். உங்கள் அறிக்கையில் அது எங்குமே இல்லை.

மேலாளர் ஏன் வருவாயைத் தேடுகிறார்? சிறு தொழில்களை அன்றாடம் ஓட்டத் தேவைப்படும் நடைமுறை மூலதனத்தை வங்கிகள், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு வகுத்த முறையில் கணக்கிடுவது வழக்கம். எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்து, 20 சதவீதத்தை வங்கி தரும், 5 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். அடுத்த ஆண்டும் 48 லட்சம் விற்கும் என்றால் வங்கியின் பங்கு 9 லட்சத்து 60 ஆயிரம். 55 லட்சத்து 20 ஆயிரத்தை வைத்துப் போட்டால் 11 லட்சத்தைத் தாண்டும். வாங்கிய கடனைக் காட்டி மேலும் கடன் கேட்பதாக அது ஆகிவிடும். அவர் கையெழுத்துப் போடாதது உங்களுக்கு நல்லது.

வட்டியாக வந்த 10 ஆயிரம் தையலில் வந்ததல்ல, ‘பிற வருமானம்’ என்று தனியே எழுதுங்கள். வருவாய், வருமானம் இரண்டையும் பேச்சில் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். அறிக்கையின் முதல் பக்கத்தில் எதை எந்தப் பொருளில் எழுதுகிறீர்கள் என்று இரண்டு வரி போட்டுவிட்டால் போதும்.

அடுத்தது அண்ணன் கொடுத்த 5 லட்சம். ‘அண்ணனிடமிருந்து பணம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் சித்தப்பாவின் அச்சகம் நினைவுக்கு வந்துவிட்டது. எழுபதுகளில் நண்பர் ஒருவர் கொடுத்த 20 ஆயிரத்தில் அவர் டிரெடில் இயந்திரம் வாங்கினார். நீளமான பேரேட்டில், ஊதா மையில், ‘நண்பரிடம் பணம் பெற்றது 20,000’ என்று எழுதிவைத்தார். ஆண்டுதோறும் தீபாவளிக்கு அவருக்கு ஒரு தொகை போகும், அதையும் ‘நண்பருக்குப் பணம்’ என்றே எழுதினார். நண்பர் இறந்தார். தொழில் நட்டத்தில் இருந்தபோது மகன்கள் வந்தார்கள். அப்பா கொடுத்தது கடன், தீபாவளிக்குத் தந்தது வட்டி, அசலைக் கொடுங்கள் என்றார்கள். அது கூட்டு மூலதனம், தந்தது இலாபப் பங்கு, நட்டத்திலும் பங்கு உண்டு என்றார் சித்தப்பா. யாரும் பொய் சொல்லவில்லை. இரு தரப்பும் அதே பேரேட்டைத்தான் விரித்துக் காட்டினார்கள். கடைசியில் ஈய எழுத்துகளை எடைக்குப் போட்டுக் கணக்கைத் தீர்த்தார். அதன்பிறகு அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு இவர் போகவில்லை, இவர் சாவுக்கு அவர்கள் வரவில்லை.

கடன் என்றால் இலாபமோ நட்டமோ வட்டியும் அசலும் கொடுத்தாக வேண்டும். மூலதனம் என்றால் அண்ணன் கூட்டாளி. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமபங்கு, யார் எவ்வளவு போட்டார்கள் என்பது கணக்கில்லை. மூலதனத்துக்கு வட்டி ஒப்புக்கொண்டிருந்தாலும் அதை இலாபத்திலிருந்துதான் எடுக்க முடியும். மூலதனத்துக்கு மேல் ஒரு கூட்டாளி முன்பணம் கொடுத்தால் அதற்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. ஆக, அதே 5 லட்சத்துக்கு எந்தப் பெயர் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அண்ணனுக்குச் சேர வேண்டியது மாறும். அவருக்குப் புரிய வேண்டும் என்றுதானே ‘பணம்’ என்று எழுதினீர்கள்? அந்த ஒரு சொல்லிலிருந்து அவர் எதைப் புரிந்துகொள்வார்?

அதைவிட மோசம் அந்த ‘1 லட்சம் மீதி’. ஓராண்டு உழைத்து ஒரு லட்சம்தான் நின்றது என்று அவர் நினைப்பார். உண்மை வேறு. 48 லட்சம் வருவாயிலிருந்து, தைத்து முடித்த துணியின் விலை 27 லட்சத்தைக் கழியுங்கள். வாங்கியது 30 லட்சத்துக்கு; 3 லட்சம் மதிப்புள்ள துணி இன்னும் இருப்பில் இருக்கிறது, அது செலவாகவில்லை. கூலி, நூல், வாடகை, மின்சாரம் 14 லட்சம், கடன் வட்டி 60 ஆயிரம். இயந்திர விலை 6 லட்சத்தை ஒரே ஆண்டின் செலவாக எழுதக்கூடாது, தேய்மானம் 15 சதவீதமான 90 ஆயிரம் மட்டும். ஐந்தரை லட்சம் நிற்கிறது. பிற வருமானத்தைச் சேர்த்தால் நிகர இலாபம் 5 லட்சத்து 60 ஆயிரம்.

வீட்டுக்கு எடுத்த 1 லட்சத்து 20 ஆயிரத்தைச் செலவில் வைத்திருக்கிறீர்கள். அது எடுப்பு; இலாபத்தைக் கண்டபிறகே கழிக்க வேண்டும். மீதி 4 லட்சத்து 40 ஆயிரம் நீங்கள் ஈட்டித் தொழிலிலேயே விட்டுவைத்தது. வங்கிக் கணக்கில் அதைத் தேடாதீர்கள், கடைக்காரர்களின் பாக்கியிலும் அலமாரித் துணியிலும் இருக்கிறது. இலாபம் இருக்கும்போதே கையில் காசில்லாமல் திண்டாடியது எப்படி என்று இப்போது தெரிகிறதா?

நிதி என்ற சொல்லை எங்கிருந்து வந்தது, எதற்கென்று வந்தது என்பதைச் சொல்லும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். வங்கியின் 6 லட்சம் இயந்திரத்துக்கென்று வந்த நிதி. அதை இயந்திரத்துக்கே செலவழித்திருக்கிறீர்கள், ரசீதுகளைச் சேர்த்து அனுப்புங்கள். அவசரத்தில் அந்தக் கணக்கிலிருந்து துணி வாங்கியிருந்தால் நிதியை வேறு வழியில் திருப்பியதாகவே வங்கி எடுத்துக்கொள்ளும்.

திருத்திய அறிக்கையை வங்கிக்கு அனுப்பும் முன் அண்ணனோடு உட்காருங்கள். கடனா, மூலதனமா என்று அவரையே கேட்டு, முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மூலதனம் என்றால் இலாபப் பங்கு எத்தனை சதவீதம் என்பதும், உங்கள் உழைப்புக்கு மாதம் எவ்வளவு என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

அன்புடன்.