தொங்கிக் கிடந்த 40 பிளவுஸ்

கேள்வி: களுவாஞ்சிகுடியில் எங்கட அப்பாவின் தையல் கடை. பட்டம் முடித்து மூன்று வருடமாக ஓடர் புத்தகமும் கணக்கும் நான்தான் பார்க்கிறேன். முந்தி எந்த நேரமும் 40 பிளவுஸ் அளவில் ஆட்கள் எடுக்க வராமல் தொங்கும். ஒன்றுக்கு வாங்குவது 1,500 ரூபாய். தைப்பவருக்கு 600, லைனிங், நூலுக்கு 200 போகும். அரைவாசி முற்பணம் வாங்கத் தொடங்கினேன். இப்போது 15தான் தொங்குது. எம்பிஏ நோக்க அறிக்கையில் கடை லாபத்தைக் கூட்டினேன் என்று எழுதலாமா?

பதில்: தங்கச்சி, "லாபம்" என்று எழுத வேண்டாம். அப்பாவும் நீங்களும் சம்பளம் எடுக்காத கடையில் மாதக் கடைசியில் மிஞ்சும் காசுக்குள் உங்கள் இருவரின் கூலியும் கிடக்கிறது. கணக்கியல் தெரிந்த ஒருவர் நேர்முகத்தில் அதைக் கேட்டால் பதில் இராது.

தொங்கிய அந்த உடுப்புகளையே எழுதுங்கள். பலர் இதில் 40 பிளவுஸை 1,500ஆல் பெருக்கி, 60,000 ரூபாய் முடங்கியது என்பார்கள். அது பிழை. கடையின் கையை விட்டுப் போனது ஒன்றுக்கு 800தான். ஆகவே முடங்கியது 32,000. இப்போது 750 முன்னரே வந்துவிடுவதால் ஒரு பிளவுஸில் உங்கள் காசு 50 ரூபாய்தான் நிற்கிறது. 15க்கும் முற்பணம் வந்திருந்தால் சேர்த்து 750 ரூபாய். முப்பத்திரண்டாயிரத்தில் இருந்து எழுநூற்றைம்பதுக்கு வந்த இந்த இறக்கம் எனக்கே ஆசையாக இருக்கிறது! தொழிற்படு மூலதனம் என்று எம்பிஏயில் படிப்பிக்கப்போவதை நீங்கள் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் அந்த 15ஐ எந்த நாளில் எண்ணினீர்கள்? தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் ஒக்டோபர் 31. நவம்பரோடு நவம்பரை ஒப்பிட்டால் ஒரு வருடம் பெருநாள் நெருக்கடி, மற்ற வருடம் வெறும் கடை. இரண்டு வருடமும் பெருநாளுக்கு மூன்று கிழமை முந்திய நாளை ஓடர் புத்தகத்தில் எடுத்து எண்ணுங்கள்.

முற்பணம் கேட்டதால் வராமல் போன பழைய வாடிக்கையாளர்கள் இருப்பார்கள். அவர்களை மறைக்காதீர்கள். புத்தகத்தில் பெயர்களைப் பார்த்து எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். யாரிடம் முற்பணம் கேட்பது, யாரை நம்பி விடுவது என்பதை நீங்கள் முகம் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பீர்கள். அதற்கு ஒரு வழிமுறை தேடித்தான் படிக்க வருகிறீர்கள் என்றால், "ஏன் எம்பிஏ" என்ற பந்தி தானாக வந்துவிடும். "கடையைப் பெருப்பிக்க" என்று மட்டும் எழுதினால் நிற்காது.

பதவிக்கு "முகாமையாளர்" வேண்டாம்; "ஓடர், கணக்குப் பொறுப்பு" போதும். அனுபவச் சான்றாக அப்பாவின் கடிதத்தோடு கடையின் வியாபாரப் பெயர்ப் பதிவின் பிரதியை வையுங்கள். பரிந்துரைக் கடிதத்தை மட்டும் அப்பாவிடம் வாங்காமல், உங்களைப் படிப்பித்த விரிவுரையாளரிடமோ துணி தரும் மொத்த வியாபாரியிடமோ கேளுங்கள்.