வட்டச் சமன்பாட்டில் மையமும் ஆரையும்: 2 முன்னால் நிற்கும்போது என்ன செய்வது?

கேள்வி: ஹட்டனில் உயர்தரம் படிக்கிறேன். 2x² + 2y² − 6x + 10y − 1 = 0 என்ற வட்டத்தின் மையமும் ஆரையும் கேட்டிருந்தது. சூத்திரத்தில் போட்டேன், மையம் (3, −5), ஆரை √35 என்று வந்தது. விடைத்தாளில் (3/2, −5/2), ஆரை 3 என்று இருக்கு. எங்க பிழை? நிறைவர்க்கமாக்கி எப்படிச் செய்வது என்று யாராவது விளங்கப்படுத்துங்களேன்.

பதில்:

விடைத்தாள் சரி. நீங்கள் சூத்திரத்தைப் பிழையாக மனனம் செய்யவில்லை, அதைப் போடக்கூடாத இடத்தில் போட்டுவிட்டீர்கள். x² + y² + 2gx + 2fy + c = 0 என்ற வடிவத்துக்குத்தான் மையம் (−g, −f), ஆரை √(g² + f² − c). அந்த வடிவத்தில் x², y² இரண்டின் குணகமும் 1. உங்கள் சமன்பாட்டில் அது 2. அப்படியே g = −3, f = 5, c = −1 என்று எடுத்தால் √(9 + 25 + 1) = √35 வரத்தான் செய்யும்.

ஆகவே முதல் வேலை, எல்லா உறுப்புகளையும் 2 ஆல் வகுப்பது. மாறிலியையும் சேர்த்து வகுக்க வேண்டும், பலர் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

x² + y² − 3x + 5y − 1/2 = 0

இப்போது x உள்ளவற்றை ஒரு பக்கமாக, y உள்ளவற்றை ஒரு பக்கமாகச் சேர்த்து, மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோங்கள்.

(x² − 3x) + (y² + 5y) = 1/2

x² − 3x என்பது தனியே நிறைவர்க்கம் இல்லை. அதற்கு என்ன குறைகிறது என்று பார்க்க, (x − a)² ஐ விரித்துப் பாருங்கள்: x² − 2ax + a². நடு உறுப்பின் குணகம் −2a. நம்மிடம் இருப்பது −3, ஆகவே a = 3/2, குறைகிற துண்டு a² = 9/4. "x இன் குணகத்தைப் பாதியாக்கு, பிறகு வர்க்கமாக்கு" என்று வகுப்பில் சொல்வது இதனால்தான். ஒழுங்கு மாறக்கூடாது: 3 ஐ முதலில் வர்க்கமாக்கிப் பிறகு பாதியாக்கினால் 9/2 வரும், அது வேறு எண்.

y பக்கம் 5 இன் பாதி 5/2, வர்க்கம் 25/4. இடப்பக்கம் கூட்டிய இரண்டையும் வலப்பக்கமும் கூட்ட வேண்டும்.

(x² − 3x + 9/4) + (y² + 5y + 25/4) = 1/2 + 9/4 + 25/4

வலப்பக்கம் 2/4 + 9/4 + 25/4 = 36/4 = 9. ஆகவே

(x − 3/2)² + (y + 5/2)² = 9

மையத்தை வாசிக்கும்போது அடைப்புக்குள் இருக்கும் அடையாளம் மாறும், ஏனென்றால் மையம் என்பது இரண்டு அடைப்பும் பூச்சியமாகும் புள்ளி. x − 3/2 பூச்சியமாக x = 3/2, y + 5/2 பூச்சியமாக y = −5/2. வலப்பக்கம் உள்ள 9 ஆரையின் வர்க்கம், ஆரை 3. இந்தக் கடைசி வரியில் அவசரப்பட்டு "ஆரை 9" என்று எழுதிவிட்டு வருபவர்களும் உண்டு.

வகுக்காமல் 2 ஐ வெளியே எடுத்தும் செய்யலாம். ஆனால் அங்கே ஒரு குழி இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

2(x² − 3x) + 2(y² + 5y) = 1

இப்போது முதல் அடைப்புக்குள் 9/4 போடுகிறோம். வலப்பக்கம் எவ்வளவு கூட்ட வேண்டும்? 9/4 என்றுதான் கை எழுதப் பார்க்கும். ஆனால் முன்னால் நிற்கும் 2, இரண்டு கொழுந்துச் சாக்கு மாதிரி: ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிலோ கூடினால் தராசில் இரண்டு கிலோ ஏறும். ஆகவே வலப்பக்கம் கூட்ட வேண்டியது 9/2. அதேபோல் 25/4 க்கு 25/2.

2(x − 3/2)² + 2(y + 5/2)² = 1 + 9/2 + 25/2 = 18

இரண்டால் வகுத்தால் அதே 9. வலப்பக்கம் 9/4, 25/4 என்றே கூட்டியிருந்தால் 19/2 வந்து, ஆரையின் வர்க்கம் 19/4 ஆகியிருக்கும். மையம் சரியாகவே வரும், ஆரை மட்டும் பிழைக்கும். ஆகவே மையம் விடையோடு பொருந்தி ஆரை பொருந்தாமல் போனால் முதலில் இந்த இடத்தைத் தேடுங்கள். உங்களுக்கு மையமும் இரு மடங்காகி வந்திருக்கிறது, அது வகுக்காமல் சூத்திரத்தில் போட்டதன் அடையாளம். என் அபிப்பிராயம், பின்னம் வந்தாலும் பரவாயில்லை, முதல் வரியிலேயே வகுத்துவிடுவது நல்லது.

பரீட்சையில் விடையைச் சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. வகுத்த பின் உள்ள இடப்பக்கக் கோவை, (x − 3/2)² + (y + 5/2)² − 9 என்பதற்குச் சமன். மையத்தைப் பிரதியிட்டால் வர்க்கங்கள் இரண்டும் பூச்சியமாகி −9 தான் மிஞ்சும். அதாவது மையத்தில் அந்தக் கோவையின் பெறுமானம் எப்போதும் ஆரையின் வர்க்கத்தின் மறைப் பெறுமானம். x² + y² − 3x + 5y − 1/2 இல் (3/2, −5/2) ஐப் போட்டுப் பார்ப்போம்:

9/4 + 25/4 − 9/2 − 25/2 − 1/2 = −9

பொருந்துகிறது. நீங்கள் எடுத்த (3, −5) ஐப் போட்டால் 9 + 25 − 9 − 25 − 1/2 = −1/2. உங்கள் ஆரை சரியென்றால் −35 வந்திருக்க வேண்டும், பிழை உடனே தெரிந்துவிடும். உற்பத்தியைப் போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. மாறிலி மறை எண் என்பதால் (0, 0) வட்டத்துக்குள்ளே இருக்கும் என்பது உண்மை, ஆனால் உங்கள் பிழையான வட்டத்துக்குள்ளேயும் அது இருக்கிறது.

இன்னொன்று. சமன்பாடு இந்த வடிவத்தில் இருந்தாலே வட்டம் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதே கணக்கில் −1 க்குப் பதிலாக +17 இருந்தால் வலப்பக்கம் −17/2 + 34/4 = 0. இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை பூச்சியம் என்றால் (3/2, −5/2) என்ற ஒரே புள்ளிதான். +19 இருந்தால் வலப்பக்கம் −1, அப்படி எந்த மெய்ப் புள்ளியும் இல்லை. வலப்பக்கம் மறையாக வந்தால் கூட்டலை ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகும் மறையாகவே இருந்தால் √−1 ஐ ஆரை என்று எழுதாமல், இது மெய் வட்டத்தைக் குறிக்காது என்று எழுத வேண்டும். "வட்டமாக இருக்க k இன் வீச்சைக் காண்க" என்று வரும் வினாக்கள் இதைத்தான் கேட்கின்றன: 2x² + 2y² − 6x + 10y + k = 0 என்றால் 17/2 − k/2 > 0, அதாவது k < 17.

x², y² குணகங்கள் சமனாக இல்லை, அல்லது xy உறுப்பு இருக்கிறது என்றால் அது வட்டமே இல்லை. அங்கே இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.