மலை உச்சியில் 'நான்' கரைந்தது ஏன்? மறுபடி போனபோது ஏன் வரவில்லை?

கேள்வி: டிசம்பரில் கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்த்தேன். மேகமெல்லாம் காலுக்குக் கீழே கிடந்தது. கொஞ்ச நேரம் 'நான்' என்பதே இல்லாமல், எல்லாவற்றோடும் சேர்ந்துவிட்ட மாதிரி இருந்தது, அழுதுவிட்டேன். அதற்காகவே மார்ச்சில் மறுபடி போனேன், ஒன்றுமே வரவில்லை. இது தெய்வ அனுபவமா, மூளையின் வேலையா? திரும்ப வர வழி உண்டா?

பதில்: உளவியலில் இதைப் பிரமிப்பு என்ற உணர்வின் கீழ் வைத்துப் படிக்கிறோம். டாக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் 2003ல் இதற்கு இரண்டு அடையாளங்களைச் சொன்னார்கள். எதிரே இருப்பது நம்மைவிட மிகப் பெரிதாகத் தோன்ற வேண்டும். அதோடு, அதுவரை நமக்குப் பழகியிருந்த எந்தக் கணக்கிலும் அது அடங்காமல் போக வேண்டும். மேகத்தை எப்போதும் அண்ணாந்தே பார்த்துப் பழகியவர் நீங்கள். அன்று அது காலடியில் கிடந்தபோது, மனதுக்குப் பழகிய மேல், கீழ் எல்லாமே ஆட்டம் கண்டிருக்கும்.

அப்போது 'நான்' சுருங்குகிறது. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவுக்கு வந்த பயணிகளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தங்களை வரையச் சொன்னார்கள். சான் பிரான்சிஸ்கோவில் கூட்டம் நிறைந்த ஒரு கடலோரச் சுற்றுலா இடத்திலும் அதையே செய்தார்கள். யோசெமிட்டியின் பெரும் பாறைகளுக்கு முன்னால் நின்றவர்கள் தங்களைச் சிறிதாக வரைந்தார்கள். 2017ல் இந்த ஆய்வு வெளியானது. நம்மைப் பற்றியே அசைபோடும்போது மூளையில் சில பகுதிகள் சுறுசுறுப்பாக இயங்கும். பிரமிப்பூட்டும் காணொளியில் மூழ்கியிருக்கும்போது அந்தப் பகுதிகளின் வேகம் குறைவதை 2019ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வேலை, கடன், வீடு என்று ஓயாமல் ஓடும் பேச்சு அடங்கினால், 'நான் இங்கே, உலகம் அங்கே' என்ற கோடும் மங்கிவிடும். பெரிய ஒன்றின் பகுதியாக உணர்வது அதனால்தான்.

அப்படியானால் வெறும் மூளை வேலைதானா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாம்பழத்தைப் பார்க்கும்போதும் மூளை இயங்கத்தான் செய்கிறது. அதனால் மாம்பழம் இல்லை என்று ஆகிவிடுமா? ஸ்கேன் கருவி உங்களுக்குள் நடந்ததைக் காட்டும். வெளியே தெய்வம் இருந்ததா என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று: பிரமிப்பில் இருப்பவர்கள் நடப்பவற்றுக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருப்பதாகக் காண அதிகம் சாய்கிறார்கள் என்று 2014ல் வெளியான சோதனைகள் காட்டின. புரியாததை மனம் அப்படியே விட்டுவைப்பதில்லை. ஆகவே அந்தச் சூட்டில் வேலையை விடுவது, துறவறம் போவது போன்ற முடிவுகளை எடுக்காதீர்கள். சில வாரம் போகட்டும்.

மார்ச்சில் ஏன் வரவில்லை என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸிடம் பதில் இருக்கிறது. தன்னை மறந்து பெரிய ஒன்றோடு ஒன்றிப்போகும் மறைஞான அனுபவத்துக்கு 1902ல் அவர் நான்கு குணங்களைச் சொன்னார்: சொல்லில் அடங்காது, ஏதோ உண்மையை அறிந்துகொண்ட உறுதியைத் தரும், சீக்கிரம் கலைந்துவிடும், நம் பிடியில் இல்லாமல் தானாக நேரும். அவருக்கே 1898 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் மலைக்காட்டில், தூக்கம் வராத ஒரு நிலா இரவில் இப்படி ஓர் அனுபவம் நேர்ந்தது. அதைத் தேடி அவர் அங்கே போகவில்லை. மார்ச்சில் நீங்கள் தேடிப் போனீர்கள். காட்சியும் பழகியதாகிவிட்டது. 'வருகிறதா, வருகிறதா' என்று உங்களையே கண்காணித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அடங்க வேண்டிய 'நான்' முழு விழிப்போடு காவல் நின்றது.

அதே உச்சிக்கு மறுபடி போவதைவிட, வாரம் ஒருமுறை பதினைந்து நிமிடம் நடந்து பாருங்கள். வயதானவர்களிடம் எட்டு வாரம் இப்படிச் செய்து பார்த்தார்கள். முடிந்தவரை புது இடத்துக்குப் போய், முதல்முறை பார்ப்பதுபோல் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார்கள். நடக்கும்போது எடுத்த செல்ஃபிகளில் வாரம் செல்லச்செல்ல அவர்கள் உருவம் சிறுத்து, பின்னணிக் காட்சி கூடுதலாக இடம் பிடித்தது. நீங்கள் போனை வெளியே எடுக்காதீர்கள். ஒரு ஆலமரத்தடியில் நின்று, ஒரே ஒரு விழுதை மண்ணிலிருந்து அது புறப்படும் கிளைவரை கண்ணால் தொடருங்கள். அப்புறம் அடுத்த விழுது. டிசம்பர் அளவுக்கு எதுவும் நேரும் என்று உறுதி தர முடியாது. சிறிய அளவில் அடிக்கடி நேரலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த உணர்வு நாள் கணக்கில் நீடித்தால், தூங்காமலே களைப்பில்லாமல் இருந்தால், உங்களுக்கு மட்டும் ஒரு சிறப்புக் கட்டளை வந்ததாகத் தோன்றினால், அல்லது 'நான்' மறைவது இதமாக இல்லாமல் எல்லாமே பொய்போலத் தெரிந்து பயமூட்டினால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் இல்லை.