ரிப்போர்ட் நார்மல்தான் – ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சர்,

வயது 31. கோவையில் ஐ.டி. வேலை. பீரியட்ஸுக்கு முந்தைய வாரம் வந்தாலே பயமாக இருக்கிறது. தொட்டதற்கெல்லாம் கோபம், காரணமில்லாத அழுகை. வயிறு உப்பி, சுடிதார் நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுகிறேன். லேபில் ஹார்மோன் டெஸ்ட் எடுத்தேன், எல்லாம் நார்மல். அப்படியானால் எல்லாம் என் மனப்பிரமையா? ‘அந்த வாரம் நான் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்’ என்று கணவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மிக்சரை நிறுத்தினால் சரியாகுமா?

– எஸ்.

அன்புள்ள எஸ்,

உன் கடிதம் வந்த வாரம்தான் என் தங்கை மகளும் இதே போல ஒரு ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘எல்லாம் நார்மல் பெரியம்மா, அப்போ எனக்கு என்னதான்?’ என்று கேட்டிருந்தாள். உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நார்மலாக இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

கருமுட்டை வெளியேறியதும், அது இருந்த பை மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறி, புரொஜெஸ்டிரோனையும் ஈஸ்ட்ரோஜனையும் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் அதற்கு ஆயுள் ஏறக்குறைய 14 நாள். கடைசி நாட்களில் அது சுருங்க, இரண்டு ஹார்மோன்களும் சரசரவென்று இறங்கும். பிறகு உதிரம் வரும். உனக்கும் இப்படித்தான், எந்தத் தொந்தரவும் இல்லாத உன் பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கும் இப்படித்தான். அளவில் வித்தியாசம் கிடையாது.

அப்புறம் எங்கே வித்தியாசம்? அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் ஷ்மிட், ருபினோ முதலானோர் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்வேன். இந்தத் தொந்தரவு உள்ள பெண்களுக்கு லியூப்ரோலைட் என்ற ஊசி போட்டுச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பலருக்குக் கோபமும் அழுகையும் அடங்கின. அடங்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரொஜெஸ்டிரோனையோ வெளியிலிருந்து கொடுத்ததும் அத்தனையும் திரும்ப வந்தன. தொந்தரவே இல்லாத பெண்களுக்கும் அதே ஊசி போட்டு, அதே ஹார்மோனைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஹார்மோன் ஒன்றுதான், அதை வாங்கிக்கொள்கிற மூளைதான் வேறு. புரொஜெஸ்டிரோன் உடைந்து அல்லோபிரெக்னனோலோன் என்று ஒன்று உண்டாகிறது. மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா ஏற்பிகளில் போய் அது வேலை செய்யும். தூக்க மாத்திரையும் மதுவும் வேலை செய்வது அதே ஏற்பிகளில்தான். பெரும்பாலான பெண்களுக்கு இதனால் அமைதி. சிலருடைய மூளையோ அதன் ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுக்காமல் எரிச்சலும் பதற்றமுமாகிவிடுகிறது. கூடவே ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது, மனநிலையைச் சீராக வைக்கும் மூளை ரசாயனமான செரோட்டோனினும் ஆட்டம் காணும். இதையெல்லாம் கையில் குத்தி எடுத்த ரத்தத்தில் எந்த லேபும் பார்க்க முடியாது. உன் தொந்தரவு பிரமை அல்ல. அந்த டெஸ்டுக்குக் கொடுத்த பணம்தான் வீண்.

வயிற்று உப்பிசத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புரொஜெஸ்டிரோன் குடலை மந்தப்படுத்தும், வாயு சேரும், மலம் இறுகும். கொஞ்சம் உப்பும் நீரும் உடலில் தங்குவதும் உண்டு. ஆனால் எடை மெஷினில் ஏறினால் பலருக்கு முள் பெரிதாக நகர்ந்திருக்காது. ‘குண்டாகிவிட்டேன்’ என்று ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிடாதே. உதிரம் தொடங்கியதும் புரோஸ்டாகிளான்டின் என்ற பொருள் குடலையும் முடுக்கிவிட, பலருக்கு அன்றைக்கே வயிறு இளகிவிடும். மிக்சர் சமாச்சாரம்: அந்த நாட்களில் உடல் சூடு அரை டிகிரி செல்சியஸ் வரை கூடுகிறது, பசியும் கூடுகிறது. எதன்மேல் ஆசை என்பதை நீ வளர்ந்த வீடு முடிவு செய்கிறது. அமெரிக்கப் பெண்கள் சாக்லேட் என்பார்கள். ஹார்மோனுக்கு மிக்சர் தெரியாது. உப்பு உப்பிசத்தைக் கூட்டும், அதனால் அளவாகச் சாப்பிடு. அவ்வளவுதான்.

கணவரிடம் சொன்னாயே ஒரு வார்த்தை, அதற்குத்தான் உன்னைத் திட்ட வேண்டும். உன் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று நீயே எழுதிக் கொடுப்பாயா?

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் ஒரு சித்தி இருந்தார். மாதத்தில் சில நாள் பாத்திரம் உருளும். ‘தேதி நெருங்கிடுச்சு, அப்படித்தான் கத்துவா’ என்று சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். வீட்டில் மற்றவர்களும் சிரிப்பார்கள். சித்தி கத்தியது என்னவென்று ஒருத்தரும் கேட்டதில்லை. அடகு வைத்த வளையலை எப்போது மீட்பீர்கள் என்பதுதான் அது. மாதம் பூராவும் அவர் மனசில் கிடந்த கேள்வி. மற்ற நாட்களில் விழுங்கிக்கொள்வார், அந்த வாரம் விழுங்க முடியாமல் போகும். வளையல் மூழ்கியே போயிற்று.

ஹார்மோன் குரலை உயர்த்தும். எல்லா நேரமும் காரணத்தை அது தயாரிப்பதில்லை. காரணமே இல்லாத கோபமும் உண்டு, மறுக்கவில்லை. இது எந்த வகை என்பதை அந்த வாரத்தில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது.

அதற்கு நோட்டு ஒன்று போதும். தினமும் படுக்கும்முன் கோபம், அழுகை, உப்பிசம், பசி நான்குக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் போடு. உதிரம் தொடங்கிய நாளை வட்டமிடு. இரண்டு சுழற்சி முழுக்க எழுத வேண்டும். மாதக் கடைசியில் யோசித்து நிரப்பினால் பிரயோஜனமில்லை, நினைவு பொய் சொல்லும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தனக்கும் ‘அந்த வாரம்தான்’ பிரச்சினை என்று உறுதியாக நம்பினாள். எழுதிய பிறகு பார்த்தால், உதிரம் நின்ற அடுத்த வாரமும் 4, 4, 5 என்றே இருந்தது. முந்தைய வாரம் அது 6 ஆனது, அவ்வளவே. மாதவிடாய்க்கு முந்தைய கோளாறு மட்டும் என்றால் உதிரம் நின்ற வாரம் 1, 2 என்று படுத்துவிட வேண்டும். மருத்துவர் தைராய்டைப் பார்த்தார், குறைவாக இருந்தது. அதற்கு மாத்திரை தொடங்கினார்கள்.

உன் நோட்டில் அந்த நல்ல வாரம் தெளிவாகத் தெரிந்து, கெட்ட வாரத்தில் வேலையும் வீடும் குலைகிறது என்றால், அது பி.எம்.டி.டி. என்கிற, மாதவிடாய்க்கு முந்தைய கடுமையான மனநிலைக் கோளாறாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார், கூச்சப்படாதே. செரோட்டோனினைக் கூட்டும் மாத்திரைகள் மனச்சோர்வுக்கு வேலை செய்ய வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், இதற்கு சில நாட்களிலேயே கேட்கும். சுழற்சியின் பின்பாதி இரண்டு வாரம் மட்டும் சாப்பிடச் சொல்வதும் உண்டு. செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டு, இரண்டு மாதம் எதற்கும் காத்திருக்காதே. அன்றைக்கே போ, அல்லது 14416க்கு (டெலி மானஸ்) போன் செய்.

அந்த நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொள்: ‘எதற்காகக் கோபம்’. ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தது, மாமியார் சொன்ன பேச்சு, சம்பளக் கணக்கு, எதுவானாலும் ஒரு வரி. உதிரம் நின்ற வாரத்தில் அதை எடுத்துப் படி. பாதி உனக்கே சிரிப்பாக இருக்கும், அடித்துவிடு. அடிக்க மனம் வராததை அந்த வாரத்திலேயே கணவரிடம் உட்கார்ந்து பேசு. முன்பு சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன் என்று முதலில் சொல்லிவிட்டுப் பேசு.