வட்டியில்லாத 60 நாளும் 61-ம் நாளும்

கேள்வி: என் கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. மாதம் 3.75 சதவீதம் வட்டி ஓடுகிறது. என்னிடம் வேறு வங்கியின் கார்டும் இருக்கிறது. பாக்கியை அதற்கு மாற்றினால் 60 நாளுக்கு வட்டி இல்லை, 2 சதவீதம் கட்டணம் மட்டும் என்கிறார்கள். மாதம் 1.7 சதவீத வட்டியில் 6 மாதம், கட்டணம் இல்லை என்று இன்னொரு திட்டமும் சொன்னார்கள். மாதம் 10,000 ரூபாய்தான் அசலில் குறைக்க முடியும். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டாவதை எடுங்கள். ‘வட்டி இல்லை’ என்ற சொல் காதுக்கு இனிமையாக இருந்தாலும் உங்கள் நிலைமைக்கு அது பொருந்தாது.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். 60,000-க்கு 2 சதவீதம் 1,200 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 1,416. இது முதல் பில்லிலேயே வந்துவிடும். இரண்டு மாதத்தில் நீங்கள் 20,000 கட்டியிருப்பீர்கள். மீதி 40,000, சலுகை முடிந்த மறுநாளிலிருந்து அந்தக் கார்டின் வழக்கமான வட்டிக்குப் போய்விடும். அதுவும் 3.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அடுத்த நான்கு மாதத்துக்கு வட்டியும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 4,425 ரூபாய். ஆக மொத்தச் செலவு 5,841.

1.7 சதவீதத் திட்டத்தில் பாக்கி 60,000, 50,000 என்று மாதாமாதம் இறங்கி வரும். ஆறு மாதத்துக்கும் வட்டி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துச் சுமார் 4,213 ரூபாய்தான். ஒன்றும் செய்யாமல் பழைய கார்டிலேயே இருந்தால் இதே வேகத்தில் கட்டினாலும் 9,292 ஆகும். எந்த வழியில் போனாலும் மாதம் 10,000 அசலுக்குத்தான். வட்டியும் கட்டணமும் அதற்கு மேல் தனி.

சீட்டுப் பணமோ போனஸோ இரண்டு மாதத்துக்குள் வருகிறது, முழுப் பாக்கியையும் அடைத்துவிடலாம் என்றால் மட்டும் கணக்கு மாறும். அப்போது 1,416 ரூபாயோடு வேலை முடிந்தது, முதல் திட்டமே லாபம். ஆனால் அந்த 60 நாளை எங்கிருந்து எண்ணுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பணம் மாற்றிய தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள், பில் தேதியிலிருந்து அல்ல. மார்ச் 5-ல் மாற்றினீர்கள் என்று வையுங்கள். 60 நாள் மே 4-ல் முடிகிறது. உங்கள் பில் 28-ம் தேதி வருவதாக இருந்தால், ஏப்ரல் பில்லுக்குக் கெடு மே 18 வரை இருக்கும். கெடு தேதி இருக்கிறதே என்று காத்திருந்து கட்டினால் நடுவில் இரண்டு வாரத்துக்கு வட்டி விழுந்துவிடும். ஆகவே காலண்டரில் குறிக்க வேண்டியது சலுகை முடியும் தேதியை.

எந்தத் திட்டமானாலும் இடையில் மினிமம் டியூவைத் தவறவிடாதீர்கள். ஒரு தவணை தவறினாலே சலுகையை ரத்து செய்து, வழக்கமான வட்டிக்கு மாற்றிவிடும் விதி பல கார்டுகளில் உண்டு. தாமதக் கட்டணம் வேறு.

இன்னொரு கண்ணி, புதிய கார்டில் பொருள் வாங்குவது. கார்டில் பாக்கி நிற்கும்போது புதுச் செலவுக்கு வழக்கமான வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. இன்று 3,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால், இன்றிலிருந்தே அதற்கு முழு வட்டி. மாற்றிய பாக்கிக்கு 1.7, மளிகைக்கு 3.75 என்று ஒரே பில்லில் இரண்டு வட்டி ஓடும். ஆறு மாதத்துக்கு அந்தக் கார்டை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

அப்புறம், பழைய கார்டு. பணம் அங்கே போய்ச் சேரச் சில நாளாகும். அதற்குள் கெடு தேதி வந்தால் அந்த மினிமம் டியூவை நீங்கள்தான் கட்ட வேண்டும். 60,000-மும் போய்ச் சேர்ந்த பிறகும் கதை முடியாது. கடைசி பில் தேதிக்கும் பணம் சேர்ந்த தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த பில்லில் வரும். நான் ஒருமுறை மாற்றியபோது, பாக்கி அடைந்தது என்று அந்தக் கார்டின் பில்லைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சில நூறு ரூபாய் வட்டி நின்றிருக்கிறது. அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம், அதற்கு ஜி.எஸ்.டி. என்று வட்டியைவிட அபராதம் பெரிதாகிவிட்டது. நீங்கள் அடுத்த இரண்டு பில்லையாவது பாருங்கள். பாக்கி பூஜ்யம் என்று பில்லிலேயே வந்த பிறகு, அந்தக் கார்டை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்யலாம்.

போனில் சொன்னதை வைத்துச் சரி சொல்லிவிடாதீர்கள். வட்டி எவ்வளவு, எந்தத் தேதி வரை, கட்டணம் உண்டா, முடிந்த பிறகு எந்த வட்டி என்ற நான்கும் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் வரட்டும். அதன் பிறகு ஓ.டி.பி. கொடுப்பதாக இருந்தால், வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அழைத்தவரிடம் அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம்.