ஒரே உயரம் வைத்தும் தமிழ் பெரிதாகத் தெரிவது ஏன்? இருமொழி லோகோ: கேள்வி-பதில்

இயற்கை விளைபொருள் கடைக்காக ‘பண்ணை’, ‘PANNAI’ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லோகோ செய்தேன். உயரமும் கோட்டின் தடிமனும் ஒன்றுதான். ஆனாலும் தமிழ் பெரிதாக, கறுப்பாகத் தெரிகிறது. எங்கே தவறு?

உயரத்தைச் சமமாக வைத்ததுதான் தவறு. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் தலையையும் காலையும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொண்டு நிற்கும். தமிழில் ‘ப’ அந்த மட்டத்தைத் தொட்டுவிட்டால், ‘ண்’ மேல் வரும் புள்ளி அதற்கும் மேலே போய்விடும். போதாததற்கு, மூன்று சுழி ‘ண’ இந்தச் சொல்லில் இரண்டு முறை வருகிறது. N-இல் இரண்டு கால்களும் ஒரு சாய்கோடும்தான். ‘ண’-வுக்குள்ளோ சுழிகளும் கால்களும் நெருங்கி நிற்கின்றன. தடிமன் ஒன்றாக இருந்தாலும் அதே இடத்தில் மை அதிகம் விழுகிறது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவது அதனால்தான்.

கோப்பில் P-யின் உயரம் 100 மி.மீ., காலின் தடிமன் 16 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தமிழை 88 சதவீதத்துக்குச் சுருக்குங்கள். ‘ப’-வின் உயரம் 88 ஆகும். கூடவே தடிமனும் 16-இலிருந்து ஏறக்குறைய 14-க்கு இறங்கிவிடும். இப்போது ‘ண’ சரியாக இருக்கும், ‘ப’ மட்டும் மெலிந்து நிற்கும். அனெக் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் போல தடிமனைச் சிறிது சிறிதாக மாற்றக்கூடிய எழுத்துரு என்றால், `wght` மதிப்பை ஏற்றி ‘ப’-வின் காலை 15-க்குக் கொண்டுவாருங்கள். 16 வரை போக வேண்டாம். ஏற்றிய பிறகு ‘ண’ மறுபடி கறுத்தால், எழுத்தை வடிவமாக மாற்றி அதன் உள்கோடுகளை மட்டும் 13.5 அளவுக்கு இழைத்துவிடுங்கள்.

தடிமனைக் கூட்ட எழுத்தைச் சுற்றி `Stroke` போடுபவர்கள் நிறைய. அதைச் செய்யாதீர்கள். கோடு உள்பக்கமும் தடிப்பதால் முதலில் அடைபடுவது சுழிகள்தான்.

இந்த எண்கள் தொடங்குவதற்கு மட்டும். லோகோவை 25 மி.மீ. அகலத்தில் அச்சிட்டு, தலைகீழாகத் திருப்பி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். சொல்லை வாசிக்க முடியாது, கறுப்பு மட்டும் தெரியும். எந்தப் பக்கம் இருண்டிருக்கிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது.

`Vertical Align Center` கொடுத்தால் தமிழ் கீழே இறங்கிவிடுகிறதே?

மென்பொருள் புள்ளியையும் சேர்த்து உயரத்தை அளக்கிறது; கண் அப்படி அளப்பதில்லை. ‘ப’-வின் அடியும் P-யின் அடியும் ஒரே கோட்டில் நிற்கும்படி கையால் வையுங்கள். மேலும் கீழுமாக அடுக்கும் லோகோவில் தமிழை மேலே வைத்தால் புள்ளிக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் ‘கு’, ‘ழ’ போலக் கீழே இறங்கும் எழுத்து இருந்தால் இரண்டு வரிகளுக்கும் நடுவே அதற்கு இடம் விட வேண்டும்.

இரண்டு வரிகளும் ஒரே அகலத்தில் முடிய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். தமிழ் எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டலாமா?

ஆங்கிலத்தில் கூட்டுங்கள், தமிழில் வேண்டாம். பெரிய எழுத்துகளுக்கு `Tracking` 40 முதல் 80 வரை கொடுத்தாலும் சொல் சொல்லாகவே இருக்கும். தமிழில் ‘ணை’-யின் ஐகாரக் கொம்பு ‘ண’-வை விட்டு விலகி, தனி எழுத்துபோல நின்றுவிடும். ‘கொ’ இன்னும் மோசம், மூன்று துண்டாகும். எழுத்தைப் பக்கவாட்டில் இழுப்பதும் ஆகாது: நிமிர்ந்த கோடுகள் தடிக்கும், கிடைக்கோடுகள் அப்படியே இருக்கும். ஆங்கிலத்தைப் பரப்பாமலேயே தமிழ்தான் குறுகலாக இருக்கிறது என்றால், அகலத்தை மாற்றும் வசதியுள்ள எழுத்துருவில் `wdth` மதிப்பைக் கூட்டுங்கள்; அங்கே கோடுகளின் தடிமன் கெடாது.

ஆங்கிலத்துக்கு மெல்லிய கிடைக்கோடும் தடித்த காலும் உள்ள செரிஃப் எழுத்துரு. தமிழையும் அப்படியே வரையலாமா?

முழுக்க அப்படியே வரைந்தால் படிக்க முடியாது. ‘ப’-வை ‘ப’ ஆக்குவதே அடியில் இருக்கும் கிடைக்கோடுதான். அதை மயிரிழையாக்கினால் தூரத்திலிருந்து இரண்டு கம்பங்கள்தான் தெரியும். ‘ட’ ஒற்றைக் கம்பாகிவிடும். ஆங்கிலத்தில் தடிமனும் மெலிவும் 6-க்கு 1 என்றால், தமிழில் 2-க்கு 1-ஐத் தாண்டாமல் பாருங்கள். கோட்டின் முனைகளை வெட்டும் விதத்தில் உறவைக் காட்டினால் போதும்.

ரப்பர் முத்திரையில் ‘ணை’ கறுப்புக் கட்டியாக விழுகிறது.

முத்திரைக்கென்று தனிக்கோப்பு வையுங்கள். அதில் `wght` மதிப்பை 100 குறைத்து, சுழிகளின் உள்வெளியைப் பெரிதாக்குங்கள். அசல் அளவில் அச்சிட்டு, சுழிக்குள் வெள்ளை 0.3 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தால் மை அதை நிரப்பிவிடும். அப்படியானால் நடுவில் தமிழை மட்டும் பெரிதாக வைத்து, ஆங்கிலத்தை முத்திரையின் விளிம்புக்கு அனுப்புங்கள்.